நிறம் மாறியது, மடிப்பு மாறவில்லை

செங்கல் சிவப்பு ரவிக்கை, பொன்னிறச் சரிகைக் கரை. போட்டோஷாப்பில் அதைப் பச்சையாக்க, படத்தை Lab Color முறைக்கு மாற்றுகிறேன். இங்கே வெளிச்சம் L என்ற தனிச் சேனலில் இருக்கிறது. மடிப்பும் நெசவும் அங்கேதான். அதைத் தொடவே வேண்டாம். சிவப்பு–பச்சையை a சேனலும், மஞ்சள்–நீலத்தை b சேனலும் வைத்திருக்கின்றன.

ரவிக்கையை மட்டும் தேர்ந்து, Curves அடுக்கில் a கோட்டின் இரு முனைகளையும் தலைகீழாக்கினால் போதும். Info பலகத்தில் a மதிப்பு 35-லிருந்து ஏறத்தாழ -35 ஆகும்; L அதே 45. கோடு நடுப்புள்ளி வழியே செல்வதால், நிறமற்ற வெள்ளைப் பொத்தான் வெள்ளையாகவே நிற்கும். சரிகையின் பொன்னிறம் பெரும்பாலும் b-இல் இருப்பதால் அதுவும் ஏறக்குறைய தப்பிவிடும். நிழலில் மங்கிய சிவப்பு, அதே அளவு மங்கிய பச்சையாகும். அதுதான் இதன் அழகு.

ஆனால் இதே துணியைப் பளிச்சென்ற மஞ்சளாக்க முடியாது. மஞ்சளுக்கு வெளிச்சம் அதிகம் வேண்டும். L 45-இல் அது சேற்று நிறமாகிவிடும். கழுத்தில் பட்ட பழைய சிவப்புச் சாயலையும் கவனியுங்கள். வேலையைக் காட்டிக்கொடுப்பது அதுதான்.