அடைப்புக்குறியைத் தேடுங்கள்

டோக்கியோவின் கிழக்கு ஓரத்தில் இருக்கிறது நிஷி-கசாய். இந்தியர்கள், அதிலும் கணினித் துறையில் வேலை பார்ப்பவர்கள், நிறையப் பேர் குடியிருக்கும் பகுதி. என் தம்பியும் அங்கேதான் இருக்கிறான். அப்பாவை அழைத்துக்கொண்டு மூன்று வாரம் அவன் வீட்டில் தங்கியிருந்தபோது, பகல் முழுக்க அந்த டிவியும் நாங்களும்தான். தம்பி ஜப்பானிய மொழிப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருப்பதால் நெட்ஃபிளிக்ஸில் தன் புரொஃபைல் முழுவதையும் ஜப்பானிய மொழிக்கு மாற்றி வைத்திருந்தான். காலையில் ஆபீஸ் கிளம்பும்போது, "அண்ணா, என்ன படம் வேணும்னாலும் பாருங்க, மெனுவை மட்டும் மாத்திடாதீங்க. எனக்கு அதுதான் பாடம்" என்று சொல்லிவிட்டுப் போனான்.

ஆகவே மெனுவின் மொழியைத் தொடாமல், ஒரு எழுத்துகூடப் படிக்கத் தெரியாமல், வேண்டிய ஆடியோவையும் சப்டைட்டிலையும் வரவழைக்க முடியுமா என்பதைத்தான் இங்கே பார்க்கிறேன். மூன்று வாரம் தினமும் செய்து பார்த்ததில் எனக்குக் கிடைத்த பதில்: முடியும், கண்ணைவிடக் காதை முதலில் நம்பினால்.

அப்பாவுக்கு வேண்டியது ஒரு தமிழ்ப் படம். காது கொஞ்சம் மந்தம் என்பதால் தமிழ் வசனத்தோடு கீழே ஆங்கில சப்டைட்டிலும் வேண்டும். படத்தின் போஸ்டரைப் பார்த்துக் கண்டுபிடித்து ஓடவிட்டோம். அதற்குப் பிறகுதான் வேலை. படம் ஓடும்போது ரிமோட்டில் மேல் அம்பையோ கீழ் அம்பையோ அழுத்தினால் திரையின் அடியில் பட்டை ஒன்று வரும். அதில் படக்கதைப் புத்தகத்தில் வசனம் எழுதுவதற்குப் போடும் கட்டத்தைப் போல, கீழே சின்ன வால் நீட்டிய ஒரு படம் இருக்கும். மெனு எந்த மொழியில் இருந்தாலும் இந்தப் படம் மாறாது. அதைத் திறந்தால் இரண்டு பட்டியல்கள்: 音声 என்ற தலைப்பின் கீழ் ஆடியோ, 字幕 என்ற தலைப்பின் கீழ் சப்டைட்டில். இப்போது எது தேர்வாகியிருக்கிறதோ அதன் பக்கத்தில் ஒரு டிக் குறி.

எதையும் தொடுவதற்கு முன் இந்தத் திரையை அப்படியே போனில் ஒரு படம் எடுத்து வையுங்கள். இந்தக் கட்டுரையில் ஒரே ஒரு விஷயத்தை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள். ஏன் என்பது பின்னால் வருகிறது.

இரண்டு பட்டியல்களில் எது ஆடியோ, எது சப்டைட்டில் என்று எழுத்தைப் படிக்காமலே சொல்லிவிடலாம். சப்டைட்டிலை வேண்டாம் என்று சொல்ல வழி உண்டு, ஆடியோவுக்கு அந்த வழி கிடையாது. அதனால் சப்டைட்டில் பட்டியலில் மட்டும் மற்றவற்றிலிருந்து வேறுபட்ட வரி ஒன்று நிற்கும்: オフ. இரண்டே எழுத்து. மொழிப் பெயர்கள் எல்லாம் 語 என்ற எழுத்தில் முடிய, இது மட்டும் முடியாது. அந்த எழுத்துக்கு 'மொழி' என்று பொருள். நாம் 'ஆங்கில மொழி' என்பதைப் போல ஜப்பானியர் எல்லா மொழிகளின் பெயரோடும் அதைச் சேர்த்துக்கொள்வார்கள்.

இனி ஆடியோ. பட்டியலில் ஒரே ஒரு மொழிக்குப் பக்கத்தில் மட்டும் [オリジナル] என்று அடைப்புக்குறிக்குள் ஒரு சொல் இருக்கும். படம் எந்த மொழியில் எடுக்கப்பட்டதோ அதற்கு அந்தக் குறி. தமிழ்ப் படம் என்று தெரிந்தே போட்டிருந்தால், எழுத்தைப் பற்றிக் கவலையே வேண்டாம். அடைப்புக்குறி எங்கே இருக்கிறதோ அங்கே போய் ஓகே அழுத்தினால் தமிழ் பேசும்.

இது தெரியாமல் முதல் நாள் நான் எழுத்தை வைத்துத் தேடினேன். ஜப்பானிய மொழியில் வெளிநாட்டுப் பெயர்களை ஒலிப்படி எழுதுவார்கள் என்பது மட்டும் தெரியும். 'ட' போன்ற ஒலியில் தொடங்கி மூன்று எழுத்தும், கடைசியில் அந்த 語யும் என்று தம்பி எப்போதோ சொன்ன நினைவில் ஒன்றைத் தேர்ந்தெடுத்தேன். கதாநாயகன் வாயைத் திறந்ததும் அப்பா நிமிர்ந்து உட்கார்ந்தார். "என்னடா, தெலுங்குல பேசறான்?"

பிசகு எங்கே என்று அன்று மாலை தம்பி காட்டினான். தமிழ் タミル語, தெலுங்கு テルグ語. இரண்டிலும் மூன்று எழுத்தும் ஒரு 語யும்தான். போதாததற்கு இரண்டு கால் விரித்து நிற்கும் ル என்ற எழுத்து இரண்டிலும் உண்டு. ஜப்பானிய மொழியில் 'ல'வும் இல்லை, 'ழ'வும் இல்லை, எல்லாம் 'ரு'தான். வித்தியாசம் காண இரண்டு இடத்தைப் பார்த்தால் போதும். தமிழில் நடு எழுத்து ミ, ஒன்றன் கீழ் ஒன்றாகச் சாய்ந்த மூன்று கீற்றுகள், விபூதிப் பட்டையைச் சற்றுச் சாய்த்து இட்டது போல. தெலுங்கில் கடைசி எழுத்து グ, அதன் வலது தோளில் இரண்டு சிறு கீறல்கள். மூன்று கீற்று நம்முடையது, இரண்டு கீறல் தெலுங்கு. இந்தி ヒンディー語, அதில் 語க்கு முன்னால் படுத்த கோடு ஒன்று நீளமாகக் கிடப்பதால் தூரத்திலிருந்தே தெரியும். பல மொழிகளில் டப் ஆன தென்னிந்தியப் படமாக இருந்தால் இந்த அடையாளங்கள் அவசியம் தேவைப்படும், ஏனென்றால் மூல மொழி தெலுங்காக இருந்து நமக்குத் தமிழ் டப்பிங் வேண்டுமென்றால் அடைப்புக்குறி உதவாது.

ஆடியோவை முதலில் மாற்றச் சொல்வதற்குக் காரணம் இதுதான். தப்பு என்றால் ஒரு வசனத்துக்குள் காது சொல்லிவிடும். பாட்டு ஓடும் இடத்திலோ சண்டையிலோ மாற்றிப் பார்க்காமல் இரண்டு பேர் பேசிக்கொண்டிருக்கும் காட்சியில் மாற்றுங்கள். பாத்திரங்கள் பேசுவதற்கு இடையிடையே இன்னொரு குரல் புகுந்து, அவர் கதவைத் திறக்கிறார், இவள் திரும்பிப் பார்க்கிறாள் என்பது போல விவரித்துக்கொண்டே வந்தால், பார்வையற்றவர்களுக்கான விளக்க ஆடியோவைத் தொட்டுவிட்டீர்கள் என்று அர்த்தம். பட்டியலில் அந்த வரி மொழிப் பெயரோடு நிற்காமல் நீண்டுபோகும், நீளும் பகுதியில் மறுபடி 音声 என்று வரும். அதே மொழியின் குட்டையான வரிக்குப் போனால் சரியாகிவிடும்.

சப்டைட்டிலுக்கு வந்தால், ஆங்கிலம் 英語, இரண்டே எழுத்து. 日本語 மூன்று எழுத்து, அது ஜப்பானியம். ஆங்கிலத்தை எடுத்தீர்களா இல்லையா என்பது அடுத்த வசனத்தில் கண்ணுக்கே தெரிந்துவிடும். ஆனால் ஆங்கிலம் இரண்டு வரியாக இருக்கும் படங்களும் உண்டு: ஒன்று வெறுமனே, இன்னொன்று CC என்ற எழுத்துகளோடு. CC என்பது காது கேளாதவர்களுக்கானது. கதவு தட்டும் சத்தம், பின்னணி இசை எல்லாம் எழுத்தில் வரும். அப்பாவைப் போன்றவர்களுக்கு இது நல்லதுதான். சிக்கல் டப் ஆன படைப்புகளில். கொரியத் தொடரான 'ஸ்க்விட் கேம்' 2021 செப்டம்பரில் வெளியானபோது, ஆங்கில சப்டைட்டில் கொரிய வசனத்தின் உயிரையே எடுத்துவிட்டது என்று பெரிய பேச்சு எழுந்தது. கவனித்துப் பார்த்தால் குறை சொல்லப்பட்ட வரிகளில் பல CC சப்டைட்டிலில் இருந்தவை. அது கொரிய மூலத்தைப் பின்பற்றாமல், உதட்டசைவுக்காகச் சுருக்கி எழுதிய ஆங்கில டப்பிங் வசனத்தைப் பின்பற்றியது. வெறும் ஆங்கில வரியோ மூலத்துக்கு இன்னும் நெருக்கமாக இருந்தது. ஆகவே மூல மொழியில் கேட்டால் வெறும் வரியை எடுங்கள். டப்பிங்கைக் கேட்டால் அதே மொழியின் CCயை எடுங்கள். மாற்றிப் போட்டால் காதில் ஒன்றும் கண்ணில் ஒன்றுமாக ஓடும்.

எவ்வளவு தேடினாலும் மூன்று கீற்று அகப்படாத படங்களும் இருக்கின்றன. அது உங்கள் கண்ணின் பிழை என்று நினைத்து மறுபடி மறுபடி ஏறி இறங்க வேண்டாம். முன்பெல்லாம் டிவியில், இருக்கும் நாட்டையும் புரொஃபைலின் மொழியையும் வைத்துச் சில மொழிகளை மட்டுமே காட்டினார்கள். அந்தத் தலைப்புக்கு இருக்கும் எல்லா மொழிகளையும் டிவியிலும் தேர்ந்தெடுக்கலாம் என்ற மாற்றம் 2025 ஏப்ரலில்தான் அறிவிக்கப்பட்டது. இருந்தும் உரிமை வாங்காத மொழி வராது. 'ஆர்.ஆர்.ஆர்.' 2022 மே மாதம் நெட்ஃபிளிக்ஸுக்கு வந்தபோது இந்தியில் மட்டுமே வந்தது. தெலுங்கும் தமிழும் வேறொரு தளத்தின் கையில். படம் அங்கே இருக்கிறது என்பதால் நம் மொழியும் அங்கே இருக்கும் என்று சொல்ல முடியாது.

எனக்கு ஒரே ஒரு மனத்தாங்கல், இது பல ஆப்களுக்கும் பொருந்தும். ஆடியோ பட்டியலில் மொழிகளின் பெயரை மெனுவின் எழுத்தில் மட்டும் ஏன் எழுத வேண்டும்? தமிழ் ஆடியோவைத் தேடி வருபவருக்குத் தமிழ் தெரியும் என்பது உறுதி. 'தமிழ்' என்றே எழுதி, பக்கத்தில் மெனு மொழியிலும் எழுதிவிட்டால் யாரும் தடுமாற மாட்டார்கள். நம் ஊர் ரயில் நிலையப் பலகையில் மூன்று எழுத்தில் பெயர் இருக்கிறது. டோக்கியோ மெட்ரோ 2004லேயே ஒவ்வொரு நிலையத்துக்கும் எழுத்தும் எண்ணுமாக அடையாளம் கொடுத்துவிட்டது. நிஷி-கசாய்க்கு T16. அப்பா அந்த எண்ணைப் பார்த்துத்தான் தனியாகவே ரயிலேறி இறங்கினார். அதே அப்பா வீட்டுக்குள் டிவி முன்னால் என்னைக் கூப்பிட வேண்டியிருந்தது.

அந்த போன் படத்துக்கு வருகிறேன். நீங்கள் எடுக்கும் தேர்வை ஆப் அந்த ஒரு படத்தோடு மறந்துவிடுவதில்லை. அதே புரொஃபைலில் அடுத்த படத்துக்கும் அதைப் பின்பற்றப் பார்க்கும். தம்பி ராத்திரி சாப்பாட்டுக்குப் பிறகு ஜப்பானியத் தொடர் ஒன்றை ஜப்பானிய சப்டைட்டிலோடு பார்ப்பான், காதால் கேட்பதைக் கண்ணால் சரிபார்க்க. இரண்டாம் நாள் ராத்திரி அவன் தொடரைப் போட்டதும் கீழே ஆங்கிலம் ஓடியது. ஒன்றும் சொல்லாமல் மாற்றிக்கொண்டான். மறுநாளிலிருந்து அவன் வரும் நேரத்துக்குக் கொஞ்சம் முன்னால் அவன் தொடரை ஓடவிட்டு, போனில் இருந்த படத்தைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்து, இரண்டு டிக்கும் படத்தில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று அப்பா பார்த்துச் சொல்ல, நான் ரிமோட்டை அழுத்துவேன்.