அயல்நாட்டுத் தொழிலாளரின் வாழ்த்துக் காணொளிப் பனுவல்: தொல்காப்பியச் செய்யுளுறுப்புகள் வழி ஒரு திறனாய்வு

ஆய்வுச்சுருக்கம்

அயல்நாட்டில் பணிபுரியும் தொழிலாளர் பண்டிகை நாளில் குடும்பத்தாருக்கு அனுப்பும் ஒரு நிமிட வாழ்த்துக் காணொளி, பேசுவதற்கு முன் எழுதிக்கொள்ளப்படும் ஒரு சிறு பனுவலை அடிப்படையாகக் கொண்டது. தொல்காப்பியச் செய்யுளியல் கூறும் கேட்போர், களன், காலம், எச்சம், முன்னம் ஆகிய உறுப்புகளைக் கொண்டு இப்பனுவலை ஆராய முடியும் என்பதும், அதன் பொருள் பெரும்பாலும் சொல்லப்படாத பகுதியிலேயே அமைகிறது என்பதும் இக்கட்டுரையின் கருதுகோள். வடசென்னை மாத்தூர்க் குடும்பம் ஒன்றை நோக்கியதாக அமைக்கப்பட்ட இரு மாதிரிகள் ஆய்வுக்கு எடுத்துக்கொள்ளப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: வாழ்த்துக் காணொளி, புலம்பெயர் தொழிலாளர், கேட்போர், முன்னம், குறிப்பெச்சம், வடசென்னைப் பேச்சுவழக்கு.

முன்னுரை

பொருள் தேடப் பிரிந்தவனின் நிலை தமிழ் அகமரபுக்குப் புதியதன்று. ஆனால் பிரிந்தவன் தன் முகத்தையும் குரலையும் வீட்டுக்கு அனுப்பும் வாய்ப்பு அண்மைக் காலத்தது. ‘இங்கு யாவரும் நலம், அங்கு நலமறிய ஆவல்’ என்னும் வாய்பாட்டுடன் தொடங்கிய கடிதமும், வளைகுடாவிலிருந்து ஊர் திரும்புவோர் கையில் கொடுத்தனுப்பப்பட்ட ஒலிநாடாவும் இதன் முன்னோடிகள்.

நேரடியாக அழைத்துப் பேச முடியும்போது பதிவுசெய்து அனுப்புவது ஏன் என்னும் வினா எழலாம். ஐக்கிய அரபு அமீரகத்தில் வாட்ஸ்அப் வழிக் குரல், காணொளி அழைப்புகள் நெடுங்காலமாகத் தடைக்குட்பட்டவை. பதிவுசெய்த செய்திக்கு அத்தடை இல்லை. பணிநேரம் மற்றொரு காரணம். அமீரக நேரம் இந்திய நேரத்துக்கு ஒன்றரை மணி பிந்தியது. மாத்தூரில் காலை 7.30 மணிக்குப் பொங்கல் பானை வைக்கப்படும்போது அங்கு மணி 6. பொங்கல் அங்கு விடுமுறை நாளன்று என்பதால், தொழிலாளர் அந்நேரத்தில் பணியிடம் செல்லும் பேருந்தில் இருப்பார். எனவே வாழ்த்து முந்தைய இரவே பதிவாகிறது.

முன்னோடி ஒன்று

இவ்வகைமையின் உலகளாவிய முன்னோடியாகக் கருதத்தக்கது, 1944 முதல் 1946 வரை இந்தியாவிலும் தென்கிழக்காசியாவிலும் பணியாற்றிய பிரித்தானியப் படைவீரர்களைக் கொண்டு எடுக்கப்பட்ட ‘காலிங் பிளைட்டி’ என்னும் திரைப்படத் தொகுதி. ‘விலாயத்’ என்னும் இந்திய வழக்குச் சொல்லின் திரிபே தாய்நாட்டைக் குறிக்கும் ‘பிளைட்டி’. ஒரே ஊரைச் சேர்ந்த வீரர்கள் ஒரு தொகுதியில் சேர்க்கப்பட்டு, ஒவ்வொருவரும் சில விநாடிகள் பேசினர். ஊர்த் திரையரங்குக்கு அழைக்கப்பட்ட குடும்பத்தார் அதனைக் கண்டனர். எடுக்கப்பட்டவற்றுள் சிறுபகுதியே இன்று எஞ்சியுள்ளது.

அவர்கள் படைவீரர்கள், இங்கு ஆராயப்படுவோர் தொழிலாளர்கள். எனினும் சிக்கல் ஒன்றே. மனைவியிடம் பேச வேண்டியவர், பிறர் குடும்பங்களும் அமர்ந்திருக்கும் அரங்கை நோக்கிப் பேச வேண்டியிருந்தது. அரங்கின் இடத்தை இன்று குடும்பக் குழுவும் நிலைப்பதிவும் பெற்றுள்ளன.

இரு மாதிரிகள்

பின்வருவன இவ்வகைமையின் அமைப்பை விளக்கும் பொருட்டு ஆக்கப்பட்டவை. தனிமனிதர் எவருடைய பதிவும் அன்று. பேசுபவர் அபுதாபியின் ருவைஸ் எண்ணெய்ச் சுத்திகரிப்பு வளாகத்தில் குழாய் பொருத்துநர். அவர் குடும்பம் மாத்தூரில் உள்ளது. தந்தை அருகிலுள்ள மணலி ஆலைகளில் ஒப்பந்தப் பணி செய்தவர்.

முதல் மாதிரி: “அன்பார்ந்த குடும்பத்தினர், உற்றார் உறவினர், நண்பர்கள் அனைவருக்கும் கடல் கடந்து வாழும் உங்கள் பிள்ளையின் இனிய தமிழர் திருநாள் நல்வாழ்த்துகள். நான் இங்கு நலமாக இருக்கிறேன். நீங்கள் அனைவரும் நலமாக இருக்க இறைவனை வேண்டுகிறேன். தை பிறந்தால் வழி பிறக்கும் என்பார்கள். அனைவர் வாழ்விலும் வழி பிறக்கட்டும்.”

இரண்டாம் மாதிரி: “மா, நல்லாகீறியா? காலு வீக்கம் கொறஞ்சிச்சா? மாத்திரைய நிறுத்தாத. ப்பா, இங்க ஷட்டவுன் ஆரம்பிச்சிடுச்சி. வாசப்படி ஒசத்தற வேலைய நிறுத்த வேணாம், பணம் அஞ்சாம் தேதி வந்துடும். பாப்பா, நீலக் கவுனு போட்டுக்கினியா? சுத்திக் காட்டி ஒரு வீடியோ அனுப்பு. (சற்று நிறுத்தம்) உனக்கு தனியா அனுப்பறேன். எல்லாரும் நல்லா இருங்க. பானை பொங்கச்சொல்ல எனக்கும் சேத்து ஒருவாட்டி கத்துங்க.”

கேட்போர்

முதல் மாதிரியில் ‘அனைவரும்’ என்னும் ஒரே கேட்போர் உள்ளார். இரண்டாவதில் விளிகள் கேட்போரைப் பிரிக்கின்றன. ‘மா’, ‘ப்பா’, ‘பாப்பா’ என்னும் ஒவ்வொரு விளிக்குப் பின்னும் அவருக்கு மட்டுமே உரிய செய்தி ஒன்று வருகிறது. ஒரு நிமிடத்தில் நிதானமாகப் பேசினால் ஏறத்தாழ நூறு சொற்களைக் கடப்பது அரிது. அவ்வளவுக்குள் மூவரையும் தனித்தனியே அழைப்பதால், ஒருவருக்கு இரண்டு மூன்று தொடர்களுக்கு மேல் கிடைப்பதில்லை. இச்சுருக்கமே பொதுமொழியை விலக்கிவிடுகிறது.

மனைவிக்குரிய இடம் தனித்து நோக்கத்தக்கது. அவரை விளிக்கும் சொல்லே பனுவலில் இல்லை. ஒரு நிறுத்தமும் ‘உனக்கு’ என்னும் முன்னிலைச் சொல்லுமே அவரைச் சுட்டுகின்றன. மாமனார் மாமியார் முன்னிலையில் இயங்கும் காணொளியில் கணவன் மனைவியிடம் பேசக்கூடியது குறைவு. அக்குறைவை மறைக்காமல், மற்றொரு பனுவல் வரும் என அறிவித்துப் பேச்சு நகர்கிறது. அகப்பொருளில் பிறர் அறியலாகாத கூற்றுக்குத் தனி இடம் உண்டு என்னும் மரபுணர்வு இங்குத் தொடர்வதாகக் கொள்ளலாம்.

முதல் மாதிரி முற்றிலும் பயனற்றது என்பதன்று. பிறர் காண வைக்கும் நிலைப்பதிவுக்கு அது பொருந்தும். உறவினரும் அண்டைவீட்டாரும் கடன் கொடுத்தவரும் காணும் இடத்தில் பொதுமொழி ஒரு காப்பு. அதுவே வீட்டுக்கும் வரும் ஒரே செய்தியாக அமையும்போதுதான் குறை தோன்றுகிறது. இதனை அறிய எளிய வழி உண்டு. திருநாளின் பெயரை நீக்கிவிட்டு நோக்கினால், முதல் மாதிரியை எவர் எவருக்கும் எந்நாளிலும் அனுப்பலாம். இரண்டாவதை அவ்வாறு அனுப்ப இயலாது.

களனும் காலமும்

எரிவளி கசியக்கூடிய ஆலைப்பகுதிகளுக்குள் சாதாரணக் கைப்பேசி கொண்டுசெல்லப்படுவதில்லை. தீப்பொறி அச்சமும் பாதுகாப்பு விதியும் அதற்குக் காரணம். ஆகவே இவ்வகைக் காணொளியின் களன் பெரும்பாலும் தங்கும் அறையே. பனுவலின் பேசுபொருளான வேலை, காட்சியில் ஒருபோதும் இடம்பெறுவதில்லை. அடுக்குக் கட்டில் தெரியாதவாறு சுவரோரம் நிற்பதும் ஒரு தெரிவு. எழுத்தில் இடம்பெறாத இத்தெரிவும் பனுவலின் பகுதியே.

காலம் இன்னும் நுட்பமானது. பேசும் நேரம் இரவு. கேட்கும் நேரம் மறுநாள் காலை. ‘நீலக் கவுனு போட்டுக்கினியா?’ என்னும் இறந்தகால வினா, பேசும் நேரத்தில் நிகழாத ஒன்றைக் கேட்கிறது. கேட்கும் நேரத்திலோ அது மெய். ‘பானை பொங்கச்சொல்ல’ என்பதும் கேட்போரின் காலையைச் சார்ந்தது. வடசென்னை வழக்கில் ‘சொல்ல’ இங்குக் கூறுதலைக் குறிக்காது. ‘பொங்கும்போது’ எனப் பொருள்படும். பேசுபவர் தன் காலத்தை விட்டு வீட்டாரின் காலத்துக்குள் நின்று பேசுகிறார். முதல் மாதிரியின் ‘இருக்கிறேன்’, ‘வேண்டுகிறேன்’ என்னும் வினைமுற்றுகள் எக்காலத்துக்கும் பொதுவானவை. அவற்றில் இந்நகர்வு நிகழவில்லை.

எச்சமும் முன்னமும்

தொல்காப்பியம் எச்சத்தைச் சொல்லெச்சம், குறிப்பெச்சம் என இருவகைப்படுத்தும். முன்னம் என்பது, இவ்விடத்து இக்கூற்று இன்னார் இன்னாரிடம் கூறுதற்குரியது எனக் கேட்போர் உணரும் வண்ணம் அமைவது. இவ்விரு உறுப்புகளும் இணையுமிடம் ‘இங்க ஷட்டவுன் ஆரம்பிச்சிடுச்சி’ என்னும் தொடர்.

‘ஷட்டவுன்’ என்பது பராமரிப்புக்காக ஆலையின் ஒரு பகுதியைத் திட்டமிட்டு நிறுத்துதல். உற்பத்தி நின்ற ஒவ்வொரு நாளும் இழப்பு என்பதால், கலன்களைத் திறந்து, குழாய்களைக் கழற்றி, பழுது நீக்கி மூடும் வேலை இரவுபகலாக விரைந்து நடக்கும். பணிநேரம் நீளும், மிகைநேர ஊதியம் சேரும், விடுப்பு கிடைப்பது கடினமாகும், விபத்து வாய்ப்பும் கூடும்.

மணலியில் 1965இல் நிறுவப்பெற்ற மெட்ராஸ் ரிஃபைனரீஸ் நிறுவனத்தின் சுத்திகரிப்பு ஆலை 1969 முதல் இயங்கிவருகிறது. இன்று அது சென்னை பெட்ரோலியம் நிறுவனத்தின் ஆலை. அதன் சூழலில் வாழ்பவர்க்கு இச்சொல் அயலானதன்று. எனவே தந்தை அவ்வொரு தொடரில் நான்கு செய்திகளைக் கேட்கிறார்: மகன் இப்போதைக்கு ஊர் திரும்ப மாட்டான், பணம் சற்றுக் கூடுதலாக வரும், உறக்கம் குறையும், கவனமாக இருக்க வேண்டிய காலம் இது. தாய்க்கோ சிறுமிக்கோ அது வேலை பற்றிய ஒரு தகவல் மட்டுமே. ஒரே காணொளியை ஒரே கூடத்தில் ஒன்றாகக் கேட்டாலும் அவர்கள் கேட்பது ஒன்றன்று. அடுத்து வரும் பணம் பற்றிய தொடர் தந்தையின் உய்த்துணர்வை உறுதிசெய்கிறது. திருநாள் மகிழ்ச்சியும் குலைவதில்லை.

முதல் மாதிரியின் ‘நான் இங்கு நலமாக இருக்கிறேன்’ என்பதில் இத்தகைய எச்சம் இல்லை. அது உண்மையா மறைப்பா என்பதை அறியக் கேட்போருக்குப் பிடிமானம் ஏதும் தரப்படவில்லை. இரண்டாம் மாதிரியில் ‘நலம்’ என்னும் சொல்லே பேசுபவரைப் பற்றி இடம்பெறவில்லை. ஆனால் அவர் நிலையை அறிய வேண்டியவர் அறிந்துகொள்கிறார்.

இவ்வுத்திக்கு எல்லையும் உண்டு. கேட்பவரிடம் அத்துறை அறிவு இல்லையெனில் குறிப்பு வெறும் மௌனமாகிவிடும். தந்தை இல்லாத வீட்டில் இதே தொடர், விடுப்பு இல்லை என்பதைச் சொல்லாமலே கடந்துவிடும். பின்னர் அது ஏமாற்றமாகத் திரும்பும். எனவே குறிப்பெச்சத்தின் வெற்றி பேசுபவரின் திறனை மட்டும் சார்ந்ததன்று. கேட்போர் எவர் என்பதைச் சார்ந்தது.

முடிவுரை

வாழ்த்துக் காணொளிப் பனுவலை வாய்மொழிப் பேச்சாகவோ கடிதத்தின் தொடர்ச்சியாகவோ மட்டும் கொள்வது போதாது. பலர் முன்னிலையில் ஒருவருக்கு ஒன்றைச் சொல்லும் கூற்று அது. விளிகள் கேட்போரைப் பிரிப்பதையும், வினைமுற்றுகள் கேட்போரின் காலத்துக்கு நகர்வதையும், ஒரு தொழிற்சொல் தந்தைக்கு மட்டும் விரிவதையும் செய்யுளுறுப்புகளின் துணையால் தெளிவாகக் காண முடிகிறது. ஊடக ஆய்வு நோக்கில் இப்பதிவுகளை அணுகுவோர், பேசப்பட்ட சொற்களை எழுத்துப்பெயர்ப்பதோடு நின்றுவிட்டால் ‘ஷட்டவுன்’ ஒரு கடன்சொல்லாக மட்டுமே பதிவாகும். ஒரே பதிவைக் குடும்பத்தின் வெவ்வேறு உறுப்பினரிடம் தனித்தனியே கேட்டு, அவரவர் உணர்ந்த பொருளையும் சேர்த்துப் பதிவுசெய்யும்போதே இப்பனுவல் முழுமையாக ஆய்வுக்குக் கிடைக்கும். மனைவிக்குத் தனியே அனுப்பப்படும் இரண்டாம் காணொளி மட்டும் அத்தொகுப்புக்கு வெளியே நிற்கும். அவ்வாறு நிற்பதே அதற்குரிய முறையாகும்.