கறுப்பாக இருப்பதே பதிலா?

“எது கறுப்பா இருக்கோ அதுதான் சார் பதில். இதுல யோசிக்க என்ன இருக்கு?” உத்திரமேரூரிலிருந்து காஞ்சிபுரம் போகும் சாலையில் இருக்கும் திருப்புலிவனத்தில் என்னிடம் இப்படிச் சொன்னவர், அடைவுத் தேர்வுக்குக் கள ஆய்வாளராகப் போய்வந்த இளைஞர். பொறுப்பான பிள்ளை. இதையே கொஞ்சம் மெருகேற்றி, மாவட்டத் தரவரிசை வெளியாகும்போதெல்லாம் அதற்கு வக்காலத்து வாங்குகிறவர்களும் சொல்லக் கேட்டிருக்கிறேன். விதி ஒன்றுதான், எல்லாப் பிள்ளைக்கும் அதே விதிதான், ஆகவே பாரபட்சம் இல்லை என்பது அவர்கள் வாதம். விதி ஒன்றாக இருக்கலாம். அது தப்பான விதி என்பதே பல வருஷமாக என் வழக்கு.

நடைமுறை பலருக்கும் தெரிந்ததே. 2021 நவம்பர் 12 அன்று நடந்த தேசிய அடைவு ஆய்வில் 8, 10 வகுப்பு மாணவர்கள் ஓ.எம்.ஆர். தாளைத் தாங்களே நிரப்பினார்கள். 3, 5 வகுப்புப் பிள்ளைகள் வினாப் புத்தகத்திலேயே விடையைக் குறித்தார்கள். அதைப் பார்த்து ஓ.எம்.ஆர். தாளில் வட்டம் நிரப்பியவர் கள ஆய்வாளர். எட்டு வயதுப் பிள்ளையிடம் போய் வட்டத்தை விளிம்பு தாண்டாமல் நிரப்பு என்று கேட்காமல் விட்டது நல்ல காரியம். பிள்ளை கையில் பென்சிலைக் கொடுத்ததும் நல்லதுதான். தப்பென்று தோன்றினால் அழித்து எழுதும் சுதந்திரம் அந்த வயதில் வேண்டும். பெரும்பாலான கேள்விகளில் ஒரே ஒரு சுத்தமான குறிதான் இருக்கும், அவற்றில் யாருக்கும் தகராறு இல்லை. ரப்பர் பட்ட இடங்களைப் பற்றித்தான் பேச்சு.

ஒரு வகுப்பில் 30 பிள்ளைகள், ஆளுக்கு ஏறக்குறைய 45 கேள்விகள் என்று வைத்துக்கொண்டால், அந்தக் கள ஆய்வாளர் 1350 தடவை புத்தகத்தைப் பார்த்து, தாளைப் பார்த்து, வட்டம் நிரப்ப வேண்டும். அவசரத்தில் அவருக்கு ஒரு சுருக்குவழி தேவைப்படுகிறது. கறுப்பாக இருப்பதைப் பதிலாக எடுத்துக்கொள்வதுதான் அந்தச் சுருக்குவழி.

இந்தப் பழக்கத்தின் பூர்வீகம் இயந்திரம். அமெரிக்காவின் மிச்சிகனில் பள்ளி ஆசிரியராக இருந்த ரேனால்ட் ஜான்சன், பென்சில் கரியில் மின்சாரம் பாயும் என்பதை வைத்து விடைத்தாள் திருத்தும் கருவி ஒன்றை 1930-களில் உருவாக்கினார், ஐ.பி.எம். நிறுவனம் அதை வாங்கி விற்பனைக்குக் கொண்டுவந்தது. (சிறு வயதில் கார் இன்ஜினின் பிளக்கில் பென்சிலால் கோடு போட்டு வண்டியைக் கிளம்பவிடாமல் குறும்பு செய்தவர் அவர். யோசனை அங்கிருந்து வந்தது.) பின்னால் வந்த ஒளி வருடிகள் மின்சாரத்தை விட்டுவிட்டு, கறுப்பின் அளவைப் பார்த்தன. ஒரே வரியில் இரண்டு வட்டங்கள் மங்கலாகத் தெரிந்தால் கூடுதல் கறுப்பானதை எடுத்துக்கொள்ள அவற்றை அமைக்கலாம். இயந்திரத்துக்கு அது போதும். அதற்குக் கறுப்பு வெளுப்பைத் தவிர வேறொன்றும் தெரியாது. தாளைத் திருப்பிப் பார்க்கவும் சாய்த்துப் பார்க்கவும் முடிகிற மனிதர் அதன் குறையைத் தன் விதியாக ஏன் வரித்துக்கொள்ள வேண்டும்?

கறுப்பு எதைக் காட்டுகிறது என்று பார்ப்போம். பென்சில் எவ்வளவு கூராக இருந்தது, பிள்ளை எவ்வளவு அழுத்தினாள், அடியில் இருந்தது பெஞ்சா மடியில் வைத்த அட்டையா என்பதையெல்லாம் காட்டும். எது முதலில், எது பிறகு என்பதை மட்டும் காட்டாது. சொல்லப்போனால் பல தாள்களில் அது தலைகீழாகவே காட்டும்.

52-லிருந்து 27-ஐக் கழிக்கும் கணக்கை எடுத்துக்கொள்ளுங்கள். கொடுத்திருக்கும் விடைகள் 35, 25, 79, 15. மூன்றாம் வகுப்பில் நிறையப் பேர் 35 என்பார்கள். இரண்டில் ஏழு போகாது என்றதும், ஏழிலிருந்து இரண்டைக் கழித்து 5 போட்டுவிடுவார்கள். ஐந்தில் இரண்டு போனால் 3. ஒரு பிள்ளை தேர்வு தொடங்கின புதிதில், அப்போதுதான் சீவின பென்சிலால், 35-ஐச் சுற்றி அழுத்தமாக வட்டம் போடுகிறாள். கொஞ்ச நேரம் கழித்துப் பக்கத்துப் பத்திலிருந்து கடன் வாங்க வேண்டும் என்பது நினைவுக்கு வருகிறது. பென்சிலின் வாலில் இருக்கும் கெட்டி ரப்பரால் தேய்க்கிறாள். கரி தாளின் நார்களுக்குள் இறங்கியிருக்கிறது. அழுத்திப் போட்டதால் பள்ளமும் விழுந்திருக்கிறது. கெட்டி ரப்பர் கரியைத் தூக்கி எடுக்காது, இழுத்துப் பரப்பும். பள்ளத்துக்குள் இருப்பது அப்படியே தங்கிவிடும். பிறகு 25-ஐச் சுற்றி வட்டம் போடுகிறாள். அதற்குள் பென்சில் முனை மழுங்கிவிட்டது, கையும் ஓய்ந்துவிட்டது. ரப்பர் தேய்த்து வழுவழுப்பான இடத்தில் கோடு போகும்போது கரி சரியாகப் பிடிப்பதும் இல்லை. எச்சில் தொட்டு அழிக்கிற பிள்ளையாக இருந்தால் அந்த இடம் ஈரத்தில் ஊறி, கோடே விழாமல் கிழியும்.

இப்போது தாளைப் பாருங்கள். 35-ஐச் சுற்றிக் கருஞ்சாம்பல் வளையம், 25-ஐச் சுற்றி மெல்லிய கோடு. விதிப்படி 35. கடன் வாங்கிக் கழிக்கத் தெரிந்த பிள்ளை, தெரியாதவள் என்று பதிவாகிறாள். அவள் மாற்றி எழுதியதுதான் அந்தத் தாளிலேயே ஆசிரியருக்கு உதவக்கூடிய தகவல், ஓ.எம்.ஆர். தாளுக்குப் போகும்போது அதுவும் போய்விடுகிறது.

சரி, கறுப்பைப் பார்க்காவிட்டால் எதைப் பார்ப்பது? ஈஷலைப் பார்க்க வேண்டும். ரப்பர் ஓடின திசையில் கரி வால் நீண்டிருக்கும். எந்தக் குறியின் விளிம்பு ஈஷியிருக்கிறதோ, அது ரப்பருக்கு முன்னால் போட்டது. ஈஷலின் மேலேயே விளிம்பு கலையாமல் ஒரு குறி இருந்தால், எவ்வளவு மெலிந்திருந்தாலும் அது பின்னால் போட்டது. செல்போன் டார்ச்சைத் தாளுக்குப் பக்கவாட்டில் தாழ்த்திப் பிடித்தால் பள்ளங்கள் நிழலாகத் தெரியும். தாளைத் திருப்பி விரலால் தடவினாலும் புடைப்பு தட்டுப்படும். ஒரே விடையின் மேல் இரண்டு வளையப் பள்ளங்கள் விலகி விலகித் தெரிந்தால், அழித்துவிட்டு அதே விடைக்குத் திரும்பி வந்திருக்கிறாள் என்று அர்த்தம். ஒரு குறிக்கு அரை நிமிடம் கூட ஆகாது. இரண்டு குறியுமே ஈஷியிருந்தால், அல்லது ஓட்டை விழுந்திருந்தால், இந்த வழியும் கைகொடுக்காது. அப்போது தெரியவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். அதைப் பிறகு பார்ப்போம்.

அழிக்காமல் மேலேயே எழுதும் விஷயம் வேறு. வகுப்பில் ஆசிரியர் திருத்தும் தாள்களில் இதுதான் அதிகம். இங்கே எழுத்தின் வடிவமே வரிசையைச் சொல்லிவிடும். 3-ஐ 8 ஆக்கலாம், 1-ஐ 4 ஆக்கலாம், 0-ஐ 6 ஆக்கலாம். ரப்பர் இல்லாமல் திரும்பி வர முடியாது. தமிழிலும் அப்படித்தான். ‘ன’வுக்கு ஒரு சுழி சேர்த்தால் ‘ண’, ஒற்றைக் கொம்பின் தலையில் சுழித்தால் நெடில், ‘கு’வை இழுத்தால் ‘கூ’. ஆக, இரண்டு எழுத்து ஒன்றன்மேல் ஒன்றாகத் தெரிந்தால், கோடு கூடுதலாக உள்ளதுதான் பிந்தையது. ரப்பர் தடம் இல்லாதவரைக்கும் இது ஏமாற்றாது. சுழி இரண்டா மூன்றா என்று தெரியாதபடி வேண்டுமென்றே கிறுக்கிவிட்டு, எது சரியோ அதை டீச்சரே எடுத்துக்கொள்ளட்டும் என்று விடுகிற கெட்டிக்காரர்களும் உண்டு. அவர்களை இந்த முறையாலும் பிடிக்க முடியாது.

கறுப்பு விதியை நான் வெறுப்பதற்கு இன்னொரு காரணம், அது ஆசிரியரின் கையைக் கட்டுவதுபோல் பாவனை செய்வது. தாளைப் பார்க்கிறவருக்குச் சரியான விடை தெரியும். இரண்டு குறிகளும் ஏறத்தாழ ஒரே கறுப்பாக இருக்கும்போது, சரியான விடையின் பக்கத்தில் இருப்பது கொஞ்சம் கூடுதல் கறுப்பாகத்தான் கண்ணுக்குப் படும். இதில் மோசடி எதுவும் இல்லை. பிள்ளைமேல் இருக்கும் பிரியம்தான். ஆனால் அந்தப் பிரியம் பள்ளிக்குப் பள்ளி மாறும், ஆய்வாளருக்கு ஆய்வாளர் மாறும். அதை வைத்துத்தான் மாவட்டத்துக்கு மாவட்டம் தசம புள்ளி வரைக்கும் ஒப்பிடுகிறார்கள்.

மாற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சரியானதற்குத்தானே மாறுகிறார்கள், அப்புறம் சரியானதை எடுத்துக்கொண்டால் என்ன என்று கேட்பவர்கள் உண்டு. முதல் பாதி உண்மை. இல்லினாய் பல்கலைக்கழக மாணவர்களின் தேர்வுத்தாள்களில் அழித்த தடங்களை எண்ணி 2005-ல் வெளியான ஆய்வில், மாற்றங்களில் 51 சதவீதம் தப்பிலிருந்து சரிக்கு, 25 சதவீதம் சரியிலிருந்து தப்புக்கு. அவர்கள் உளவியல் படித்த கல்லூரி மாணவர்கள். நம் பிள்ளைகள் பக்கத்துப் பிள்ளை தாளை எட்டிப் பார்த்துவிட்டு மாற்றுகிறவர்கள். அதை விடுங்கள். நாலில் ஒரு மாற்றம் சரியிலிருந்து தப்புக்குப் போகிறது என்றால், எதிரே இருக்கும் தாள் அந்த நாலில் எது என்று சராசரி சொல்லாது. சராசரியை வைத்துத் தனித்தாளைப் படித்துவிட்டு, அந்தத் தாள்களைக் கூட்டி மறுபடி சராசரி எடுப்பது, போட்டதையே திரும்ப எடுப்பது.

ஒரு கண்ணை நம்பிப் படிக்காமல் இருப்பதற்கு அந்த இளைஞரின் பக்கத்து ஊரிலேயே பழைய முன்மாதிரி இருக்கிறது. உத்திரமேரூர்க் கல்வெட்டு பராந்தக சோழன் காலத்தது, 919, 921-ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தது. குடவோலை என்றதும் நம் ஊரில் தேர்தல் பெருமை பேசுவார்கள். ஓலையைப் படிக்கும் முறையை யாரும் பேசுவதில்லை. குடத்திலிருந்து சிறுவன் எடுத்த ஓலையை மத்தியஸ்தர் ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையில் வாங்க வேண்டும், உரக்கப் படிக்க வேண்டும், உள்மண்டபத்தில் இருக்கும் நம்பிமார் எல்லாரும் அதே ஓலையைப் படிக்க வேண்டும். ஒருவர் கண்ணை மட்டும் நம்புவதில்லை என்பதை எழுதி வைத்திருக்கிறார்கள். நமக்கு அத்தனை பேர் வேண்டாம். ரப்பர் பட்ட குறிகளை மட்டும் இரண்டாவது ஆள் ஒருவர், முதல் ஆள் என்ன நிரப்பினார் என்று தெரியாமல், தனியாகப் படித்தால் போதும். 1350-ல் அவை சிறு பங்குதான்.

இருவர் கண்ணும் ஒத்துப்போகாத இடத்தில் தெரியவில்லை என்று குறிக்க ஒரு கட்டம் வேண்டும். பீசா தேர்வின் தரவுகளில் ஒன்றுக்கு மேற்பட்ட குறி இருந்தால் 8, குறியே இல்லாவிட்டால் 9 என்று தனித்தனிக் குறியீடு இருக்கிறது. அந்த இடங்களில் பிள்ளைக்கு மதிப்பெண் இல்லை என்பது வேறு விவாதம். குறைந்தபட்சம் எத்தனை இடத்தில் தெரியவில்லை என்பது எண்ணிக்கையாகக் கிடைக்கிறது. நம் கள ஆய்வாளர் நிரப்பும் வரியில் நாலு வட்டங்கள் இருக்கின்றன, அவர் ஏதாவது ஒன்றைத் தொட்டாக வேண்டும் என்று நினைக்கிறார்.

பிள்ளையிடமே கேட்டுவிட்டால் என்ன என்பது அடுத்த கேள்வி. கேட்கலாம், அவள் வீட்டுக்குப் போவதற்கு முன்னால், புத்தகத்தை வாங்கும்போதே கேட்க வேண்டும். ஆனால் கேட்கிற விதத்தில் காரியம் கெடும். அழித்த இடத்தைக் காட்டி, “இதா, அதாம்மா?” என்று முன்பின் தெரியாத ஒருவர் கேட்டால், எட்டு வயதுப் பிள்ளைக்கு அது ‘நீ போட்டது தப்பு’ என்றுதான் கேட்கும், உடனே மற்றதைக் காட்டிவிடும். அழிக்காத கேள்விகள் சிலவற்றையும் நடுநடுவே கலந்து, “உன் பதிலைத் தொட்டுக் காட்டும்மா” என்று மட்டும் சொல்லி, எங்கே தொட்டாலும் முகம் மாறாமல் அடுத்ததற்குப் போக வேண்டும். தொட்ட விடையின் பக்கத்தில் ஆய்வாளர் பேனாவால் ஒரு புள்ளி வைத்துவிட்டால், பின்னால் யாரும் கறுப்பையும் ஈஷலையும் தேடவே வேண்டியிருக்காது. பயிற்சி நாளில் இதைச் சொல்லிக்கொடுக்க ஒரு மணி நேரம் ஆகும். இப்போது அந்த ஒரு மணி நேரம் ஓ.எம்.ஆர். தாளை மடிக்காமல் உறையில் போடுவது எப்படி என்பதற்குப் போகிறது.