கமரா அசைவும் காட்சியின் பொருளும்
குச்சவெளிக் கரைவலைக் காட்சியொன்றை முன்வைத்துச் சில குறிப்புகள்

நம்மிடையே திரைப்பட விமர்சனம் பெரும்பாலும் கதை விமர்சனமாகவே நின்றுவிடுகின்றது. பாத்திரங்களின் வர்க்க நிலை பற்றியும் உரையாடலின் இயல்புத்தன்மை பற்றியும் பேசுகின்ற நாம், கமரா ஏன் அசைந்தது என்று கேட்பதில்லை. ஆயின் அசைவும் ஒரு கூற்றே. அது யாரை நோக்கிச் செல்கின்றது, யாரை விட்டு விலகுகின்றது என்பதில் நெறியாளரின் பார்வை வெளிப்படுகின்றது. கலைப்பீட மாணவர் சிலர் விடுமுறையிற் குச்சவெளிக் கடற்கரையிற் கரைவலை இழுக்கும் காட்சியொன்றைப் படமாக்க முயன்ற அனுபவத்தை ஆதாரமாகக் கொண்டு இதனை ஆராய்வோம்.

முதலிற் கருவிகளைப் பிரித்தறிதல் அவசியம். சக்கரமேடை மீது கமரா முழுவதுமாக இடம்பெயர்வது டொலி. இதன் தண்டவாள வடிவத்தை 1914 இல் வெளிவந்த ‘கபீரியா’ என்னும் இத்தாலியப் படத்தில் ஜொவான்னி பாஸ்த்ரோனே கையாண்ட வண்டியின் வளர்ச்சி எனலாம். ஒரு மீற்றர் அளவிலான சிறு தண்டிற் கமராவை வழுக்கி நகர்த்துவது ஸ்லைடர். கமராவையும் சில வேளைகளில் ஒளிப்பதிவாளரையுமே சுமந்து உயர்வது கிறேன். அதே தத்துவத்திற் கமராவை மட்டும் ஏந்தும் சிறு தண்டு ஜிப். நம் கிணற்றடித் துலாவை அறிந்தவனுக்கு ஜிப்பை விளக்க வேண்டியதில்லை.

இவற்றுள் டொலி தருவது உடன்செல்லும் உணர்வு. கரைவலை இழுப்பவர் கயிற்றைப் பற்றியவாறு பின்னோக்கி நடந்து, கரையின் மேற்புறம் சேர்ந்ததும் கயிற்றை விட்டு, மீண்டும் நீரோரம் சென்று பற்றிக்கொள்வர். இந்தச் சுழற்சியே அவ்வுழைப்பின் வடிவம். கமரா ஓரிடத்தில் நின்றால் ஒருவர் சட்டகத்துள் வந்து போவார். அவர் நடையோடு கமராவும் நகர்ந்தால் அந்த நடையின் நீளத்தையும் பாரத்தையும் பார்வையாளன் உணர்வான்.

டொலிக்கு மலிவான மாற்று சக்கரநாற்காலி. கொடார்ட்டின் ‘மூச்சுத்திணறல்’ (1960) படத்தில் ஒளிப்பதிவாளர் ராவுல் கூத்தார் சக்கரநாற்காலியில் அமர்ந்து படம்பிடித்தமை பலரும் அறிந்ததே. ஆயின் பாரிஸ் நகரத் தரை வேறு, குச்சவெளி மணல் வேறு. எமது நாற்காலியின் சக்கரங்கள் முதல் முயற்சியிலேயே புதைந்தன. ஈரமணலில் பலகைகளை வரிசையாகப் போட்டோம். பலகைகள் சந்திக்கும் இடந்தோறும் படம் துள்ளியது. ஒவ்வொரு பொருத்தின் கீழும் ஒரு துண்டுப் பலகையை வைத்து, மேலே சாக்கு விரித்ததும் துள்ளல் அடங்கியது. இன்னுமொரு குறை பின்னரே புலப்பட்டது. முன்னுள்ள சிறு சக்கரங்கள் திசை மாறும்போது தாமாகத் திரும்பிக்கொள்வன. அவ்வேளை படம் ஒருமுறை வெட்டி அசையும். ஆகவே படப்பிடிப்புக்கு முன் நாற்காலியைச் செல்ல வேண்டிய திசையிற் சிறிது தள்ளி அவற்றை ஒழுங்குபடுத்தல் வேண்டும். நீள்குவிய வில்லை அதிர்வைப் பெருப்பித்துக் காட்டும். அகல்கோண வில்லையுடன் ஆளை நெருங்குவதே தக்கது. கடற்கரையிற் பிழையைக் கண்டறிவதும் எளிது: அடிவானக் கோடு ஆடினால் கமரா ஆடுகின்றது.

டொலியின் சிறு வடிவம் என்று ஸ்லைடரைக் கருதுவோர் ஏமாற்றமடைவர். 36 மில்லிமீற்றர் அகலச் சட்டகமுள்ள கமராவில் 50 மில்லிமீற்றர் வில்லையைப் பொருத்தினால், எத்தூரத்திலும் சட்டகத்துள் அடங்கும் அகலம் அத்தூரத்தின் 0.72 மடங்காகும். கமரா 60 சென்ரிமீற்றர் பக்கவாட்டில் நகர்ந்தால், ஒரு மீற்றர் தூரத்திலுள்ள தோணி விளிம்பு சட்டகத்தின் ஆறில் ஐந்து பங்கைக் கடந்துவிடும். பத்து மீற்றரில் நிற்பவர் பன்னிரண்டில் ஒரு பங்கே நகர்வார். நூறு மீற்றருக்கப்பால் மிதக்கும் வலை அசைந்ததாகவே தோன்றாது. அருகிற் பொருளின்றேல் ஸ்லைடர் இருந்தும் இல்லாததே. நாம் தோணியின் மறைவிலிருந்து தொடங்கினோம். விளிம்பு விலக, கயிறு பற்றிய கைகள் வெளிப்பட்டன. ஸ்லைடரின் பணி இவ்வாறு மறைத்ததை வெளிப்படுத்துவதேயாகும். இதற்குக் கருவியும் வேண்டியதில்லை. தோணியின் குறுக்குப் பலகையிற் துணியை மடித்து அதன்மேற் கமராவை வைத்து இழுத்தாலே போதும். இழுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் தோன்றும் திணறலைப் படத்தொகுப்பில் வெட்டிவிடலாம்.

ஜிப்புக்கு நாம் மூங்கிலொன்றைத் துலாவாக்கினோம். தாங்கும் புள்ளியிலிருந்து இரண்டு மீற்றரில் இரண்டு கிலோ கமரா இருப்பின், மறுபுறம் அரை மீற்றரில் எட்டுக் கிலோ மணல்மூட்டை வேண்டும்; நீண்ட பக்கத்து மூங்கிலின் பாரத்துக்காக மேலும் சிறிது சேர்த்தல் வேண்டும். கமராவைக் கழற்றுமுன் மணல்மூட்டையை அகற்றாவிடின் தண்டு மேலெழுந்து முகத்திலடிக்கும். இரண்டு மீற்றர்த் தண்டு கிடைநிலையிலிருந்து முப்பது பாகை உயர்ந்தால் கமரா ஒரு மீற்றர் ஏறுகின்றது. ஆனால் 27 சென்ரிமீற்றர் பின்வாங்கவும் செய்கின்றது. அதனால் கிட்டிய பொருளின் குவியம் பிசகும். தனித்தண்டில் இறுகப் பொருத்திய கமரா உயரும்போது வானத்தை நோக்கும். தொழில்முறை ஜிப்பில் இரட்டைத் தண்டுகள் இணைகரமாக இயங்குவது இதனைத் தடுக்கவே. எமக்கோ அக்குறையே பயன்பட்டது: கயிற்றைப் பற்றிய கைகளிற் தொடங்கிய பார்வை, தண்டு உயர உயரத் தானே நிமிர்ந்து கடலைச் சென்றடைந்தது. கைக்கும் வலைக்கும் உள்ள தொடர்பை வெட்டின்றி ஒரே அசைவு கூறிற்று.

கிறேன் தருவது வேறு. ஓர்சன் வெல்ஸின் ‘தீமையின் தீண்டல்’ (1958) படத்தின் தொடக்கத்தில், காரில் வைக்கப்பட்ட குண்டை நாம் அறிவோம். தெருவிற் செல்வோர் அறியார். மூன்று நிமிடங்களுக்கு மேல் வெட்டின்றித் தொடரும் அக்கிறேன் அசைவு, பாத்திரங்களுக்கு இல்லாத அறிவைப் பார்வையாளனுக்கு அளிக்கின்றது. உயர்ந்து செல்லும் அசைவின் நியாயம் அதுவே. கிறேனுக்கு நிகரான மலிவு மாற்று எதுவும் எமக்கு அகப்படவில்லை. கரையோரப் பாறைமேட்டில் முக்காலியை நிறுத்தி, வலையின் வளைவிலிருந்து கரைக்கு மெல்லக் கமராவைத் திருப்பினோம். உயரம் கிடைத்தது; உயர்தல் கிடைக்கவில்லை.

முதற் தொகுப்பை அப்பாறைமேட்டுக் காட்சியுடனேயே தொடங்கினோம். அதைக் கைப்பேசியிற் பார்த்த வயோதிபத் தொழிலாளர் ஒருவர், “வலை வடிவாத்தான் இருக்கு தம்பி, இழுக்கிற ஆக்களத்தான் காணல்ல” என்றார். இதைவிடச் சுருக்கமான விமர்சனத்தை யாம் எந்த நூலிலும் வாசித்ததில்லை. உயரத்திலிருந்து நோக்கியபோது உழைப்பு ஓர் அழகிய வளைகோடாகச் சுருங்கிவிட்டது. சுற்றுலா அஞ்சலட்டைக்கும் எமது காட்சிக்கும் வேறுபாடு இருக்கவில்லை.

சத்யஜித் ராயின் ‘சாருலதா’ (1964) இங்கு நினைவுக்கு வருகின்றது. ஊஞ்சலாடும் சாருவோடு கமராவும் ஊஞ்சலிலேயே ஆடுகின்றது. அவள் முகம் சட்டகத்தில் நிலைத்திருக்க, தோட்டமே அசைகின்றது. அவளை அசைப்பது எதுவோ அதுவே கமராவையும் அசைக்கின்றது. மாற்றுக் கருவி மூலக் கருவியைவிடப் பொருத்தமாவது இத்தகைய இடங்களிலேதான்.

இறுதித் தொகுப்பில் தோணி விளிம்பிலிருந்து கைகள் வெளிப்படுதல், பலகை மீது நடையைத் தொடர்தல், துலாவில் கையிலிருந்து கடலுக்கு எழுதல் ஆகிய மூன்றையும் வைத்துக்கொண்டோம். பாறைமேட்டுக் காட்சி இறுதிக்குச் சென்றது. இரு கயிற்று அணிகளும் ஒன்றையொன்று நெருங்கி, மடி கரையேறும் வேளையில் அது வருகின்றது. இழுத்தவரின் முகங்களைப் பார்வையாளன் அறிந்த பின்னர் அதே வளைகோடு வெறும் அழகாகத் தோன்றுவதில்லை. இன்னார் இழுத்த வலை அது என்று அவன் அறிவான்.