பட்டியல் இல்லாத சொல்வேட்டை

கைப்பேசியில் ஆடும் இந்தத் தமிழ்ச் சொல்வேட்டைச் செயலியைக் குறித்துச் சொல்ல வேண்டிய சாதாரண விஷயங்களை முதலில் ஒரே மூச்சில் சொல்லி முடித்துவிடுகிறேன். எழுத்துகள் பெரியவை, என் போன்றோரின் கண்ணுக்கும் சிரமமில்லை. இணையத் தொடர்பு இல்லாவிட்டாலும் ஆடலாம். மின்கலத்தையும் அதிகம் உறிஞ்சவில்லை. விளம்பரங்கள் உண்டு, அவற்றைச் சகித்துக்கொள்ளும் பயிற்சி நம் எல்லோருக்கும் ஏற்கனவே வாய்த்திருக்கிறது. குறை ஒன்றைச் சற்றுக் கடுமையாகவே சொல்லப்போவதால் செயலியின் பெயரை எழுதாமல் விடுகிறேன். மீஞ்சூரிலிருந்து கடற்கரை நிலையம் செல்லும் மின்சார ரயிலில், காலை வேளையில் ஓரத்து இருக்கை கிடைக்கும் பாக்கியசாலிகளில் ஒருவனாகச் சில வாரங்கள் இதனோடு பழகியவன் என்ற உரிமையில் எழுதுகிறேன்.

இதன் விசேஷம் யாதெனில், தேட வேண்டிய சொற்களின் பட்டியலை இது தருவதில்லை. 1968-இல் அமெரிக்காவின் ஓக்லஹோமா மாநிலத்தில் நார்மன் கிபட் என்பவர் தம் விளம்பர ஏட்டில் இவ்விளையாட்டை அச்சிட்ட நாள் முதலாக, கட்டத்தின் அருகே பட்டியல் இருப்பது வழக்கமாகிவிட்டது. பட்டியல் இருக்குமானால் ஆடுகிறவனுக்குக் கண் ஒன்றே போதும், புத்திக்கு வேலையில்லை. நியூயார்க் டைம்ஸ் நாளேடு 2024-இல் வெளியிட்ட ‘ஸ்ட்ராண்ட்ஸ்’ என்ற ஆங்கில விளையாட்டில் பட்டியல் கிடையாது; எனினும் பொருளைச் சாடையாகக் காட்டும் ஒரு வரி தலைப்பில் இருக்கும், நாற்பத்தெட்டுக் கட்டங்களில் ஒன்றுகூட வீண் எழுத்தாக இராது. நம் செயலியில் அந்தச் சாடையும் இல்லை, வீண் எழுத்துகளும் கலந்திருக்கின்றன. எல்லாச் சொற்களும் ஏதோ ஒரு பொருளைச் சார்ந்தவை, ஒவ்வொன்றும் மூன்று எழுத்துக்குக் குறையாதது, எட்டுத் திசைகளில் ஏதேனும் ஒன்றில் நேர்கோடாக ஓடும் என்ற மூன்று உறுதிமொழிகளே நம் கையில் இருக்கும் மூலதனம்.

இம்மூலதனத்தைக் கொண்டு எவ்வாறு வியாபாரம் செய்வது என்பதைக் காட்ட, செயலியின் அச்சிலேயே சிறு கட்டம் ஒன்றை அமைத்துத் தருகிறேன்.

கா  ர  ப்  பொ  டி  வ
ச  மு  ழ  கை  லி  ஞ்
ம  ங்  க்  ண்  தி  சி
த்  ரு  க  கொ  த்  ர
தி  பூ  டு  ரா  நெ  ம்
ல்  வா  வ்  வ  லை  யூ

பழக்கத்தின் காரணமாகக் கண் முதலில் மேல்வரியை இடமிருந்து வலமாக வாசிக்கும். ‘காரப்பொடி’ தானாகவே அகப்படும். இதன் பிறகு கட்டம் முழுவதையும் குருட்டாம்போக்கில் துழாவுவது வீண் பிரயாசை. புள்ளி வைத்த எழுத்துகளை நாடுவதே உத்தமமான உபாயம். ஏனெனில் தமிழில் மெய்யெழுத்து தனக்கு அடுத்து யார் உட்கார வேண்டும் என்பதில் மிகவும் கண்டிப்பானது. மூன்றாம் வரியில் ‘ங்’ இருக்கிறது. அதற்குப் பின் ககர வரிசையைச் சேர்ந்த உயிர்மெய்தான் அனேகமாக வரும். சுற்றியுள்ள எட்டுக் கட்டங்களையும் பார்த்தால், அத்தகையது கீழே வலப்புறம் சாய்வாக நிற்கும் ‘க’ ஒன்றே. ஆகவே திசை தீர்மானமாகிவிட்டது. அதே கோட்டில் பின்னால் ‘ச’, முன்னால் ‘ரா’: ‘சங்கரா’. கடைசி வரியின் ‘வ்’வுக்கோ இருபுறமும் வகரமே அமைந்திருப்பதால் திசை தெரியாது, ஆனால் சொல்லுக்கு முதலெழுத்தாகப் புள்ளியெழுத்து வாராது என்ற இலக்கண விதி கைகொடுக்கிறது. ஓரத்திலுள்ள ‘ல்’ முதலாக இருக்க இயலாது, ஈறாகத்தான் இருக்க வேண்டும். வலமிருந்து இடமாக வாசித்தால் ‘வவ்வால்’.

மூன்று சொற்கள் கிடைத்துவிட்டன. செயலியின் உண்மையான சுவாரசியம் ஆரம்பமாவது இந்த இடத்தில்தான். காரப்பொடி என்றால் சமையலறை. சங்கரா என்றால் சிவபெருமான். வவ்வால் என்றால் இருட்டில் பறக்கும் பிராணி. சிவனும் வவ்வாலும் ஒருங்கே வாசம் செய்வது பழங்கோயிலில்; மடைப்பள்ளியில் காரப்பொடி இருக்கவும் நியாயமுண்டு; ஆதலால் ‘கோயில்’ என்பது ஒரு கௌரவமான அனுமானமே. ஆனால் காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்திலிருந்து வரும் கூடைகளைப் பார்த்து வளர்ந்த எங்கள் பக்கத்துக்காரருக்கு வேறொன்று தோன்றும்: மூன்றும் மீன்களின் பெயர்கள்! சிவந்த சங்கரா, தட்டையான வவ்வால், விரல் நீளத்துக் காரப்பொடி. இரண்டு அனுமானங்களும் கிடைத்த சொற்களுக்குப் பொருந்துகின்றன. எது மெய் என்பதைக் கிடைத்த சொற்களையே மீண்டும் மீண்டும் தடவிப் பார்த்துத் தீர்மானிக்க முடியாது.

தீர்மானிப்பதற்கு வழி, இனிமேல் கிடைக்கப்போகும் சொல்லை முன்கூட்டிச் சொல்லிப் பார்ப்பதே. கோயில் என்றால் கோபுரம், பிரகாரம், தீர்த்தம் முதலியவை இருக்க வேண்டும். ‘கோ’, ‘பி’, ‘தீ’ ஆகியவற்றைக் கட்டத்தில் தேடினால் ஒன்றுமே இல்லை. மீன் என்றால் வஞ்சிரம் இல்லாத பட்டியல் ஏது? அதில் அபூர்வமான எழுத்து ‘ஞ்’. கட்டத்தில் ஒரே ஒரு ‘ஞ்’ வலது ஓரத்தில் இருக்கிறது, அதன் அண்டையில் சகர வரிசை எழுத்து நேர் கீழே உள்ள ‘சி’ மட்டுமே, மேலே ‘வ’. ‘வஞ்சி’ என்று நான்கு கட்டம் கூட நிரம்புமுன்னரே ஒரு சொல் முடிந்துவிட்டதுபோல் பிரமை உண்டாகும். மீன் என்ற அனுமானம் இருப்பவரோ விரலை நிறுத்தாமல் ‘ரம்’ வரை இழுத்துக்கொண்டு போவார். அனுமானத்தை உருவாக்கப் பயன்படாத ஒரு சொல், அனுமானம் சொன்ன இடத்திலேயே வந்து நிற்குமானால், அதைவிட நல்ல சாட்சி வேண்டியதில்லை.

பொருள் நிச்சயமான பிறகு வேலை தலைகீழாக மாறிவிடுகிறது. கட்டத்திலிருந்து சொல்லுக்குப் போவது நின்று, சொல்லிலிருந்து கட்டத்துக்கு வருகிறோம். திருக்கையை நினைத்தால் அதன் முடிவான ‘கை’ ஓரிடத்தில்தான் உண்டு. அதிலிருந்து சாய்வாக இறங்கினால் ‘க்’, ‘ரு’, ‘தி’ ஆகியவை வரிசையாக நிற்கின்றன. கொடுவாவுக்கு ‘கொ’, நெத்திலிக்கு ‘நெ’ என்று ஒற்றைக் கதவுகள் இருக்கின்றன. நெத்திலி கீழிருந்து மேலாக ஏறுகிறது. மத்தி இடது ஓரத்தில் இறங்கித் திருக்கையோடு ‘தி’யைப் பங்கிட்டுக்கொள்கிறது. ‘நடு’ என்ற பொருளில் அதை முதலிலேயே கண்டவர் சமையலறைக்கும் கோயிலுக்கும் நடுவே இன்னும் அலைந்திருப்பார். எட்டுச் சொற்களும் அகப்பட்டபின் மிஞ்சுவன மு, ழ, ண், பூ, லை, யூ என்னும் ஆறு எழுத்துகள். கடைசி வரியில் ‘வலை’ என்று தெரிவது மீனவர் வீட்டுச் சொல்லேயாயினும், ஈரெழுத்து என்பதால் கணக்கில் சேராது. பொருளுக்கு ஒத்துப்போகிறது என்ற ஒரே காரணத்துக்காக விதியைத் தளர்த்தினால், தமிழ்க் கட்டம் எதிலும் ஈரெழுத்துச் சொற்கள் ஈசல்போல் கிளம்பிவிடும்.

அனுமானம் பொய்யாகும் விதம் ஒன்று மட்டுமல்ல. மெய்யான அனுமானமே குறுகிப்போவதும் உண்டு. வேறொரு கட்டத்தில் நந்தியம்பாக்கமும் கத்திவாக்கமும் அனுப்பம்பட்டும் அடுத்தடுத்துக் கிடைத்தால், எங்கள் தடத்துப் பிரயாணி எவரும் ரயில் நிலையங்கள் என்று உடனே தீர்ப்பளித்துவிட்டுப் பொன்னேரியையும் எண்ணூரையும் தேடுவார், அவையும் கிடைக்கும், கர்வமும் ஏறும். காட்டுப்பள்ளியும் பழவேற்காடும் மட்டும் அவர் கண்ணில் படா, ஏனெனில் அவற்றுக்கு ரயில் கிடையாது. பொருளோ வடசென்னையை ஒட்டிய ஊர்கள் என்பது. இத்தகைய சிக்கலுக்கு அடையாளம், நினைவிலுள்ள பெயர்களெல்லாம் தீர்ந்த பிறகும் கட்டத்தில் ஒரே மூலையில் தொடப்படாத எழுத்துகள் திரளாக எஞ்சியிருப்பது. வீண் எழுத்துகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சிதறிக் கிடப்பதே வழக்கம். அவை ஓரிடத்தில் கூட்டம் கூடினால், அங்கே நம் அனுமானத்துக்கு வெளியே ஒரு சொல் ஒளிந்திருக்கிறது என்று கொள்ளலாம். அப்போது பொருளை ஒரு படி விரித்து, புள்ளியெழுத்து முறைக்கே திரும்பிப் போவது நலம்.

இவ்வளவு அருமையான அமைப்பைச் செய்தவர்கள், அதைக் கெடுக்கும் காரியத்தையும் தாங்களே செய்துவைத்திருப்பதுதான் என் மனத்தாங்கல். மூன்றாவது சொல் அகப்பட்ட மறுகணமே, திரையின் உச்சியில் பொன்னிற எழுத்தில் ‘பொருள்: மீன்கள்’ என்று செயலி பறைசாற்றிவிடுகிறது. சமையலறையா, கோயிலா, கடலா என்று மனம் தராசைத் தூக்கும் அந்த ஒரு நிமிஷத்துக்காகத்தானே பட்டியலை எடுத்தார்கள்! இந்த உபகாரத்தை நிறுத்திவைக்க அமைப்புப் பக்கத்தில் வழி இல்லை. குறிப்பு வேண்டுவோர் தாமே கேட்டுப் பெறும்படி வைத்திருந்தால் ஒருவருக்கும் நஷ்டமில்லை. ஸ்ட்ராண்ட்ஸில் பொருளைச் சாராத சொற்கள் மூன்றைக் கண்டுபிடித்தால்தான் ஒரு குறிப்பு கேட்கும் உரிமையே பிறக்கிறது. இதைத் தயாரித்தவர்களுக்கு எழுதினேன். நன்றி தெரிவித்துப் பதில் வந்தது, பொன்னெழுத்து மட்டும் போகவில்லை.

இன்னொரு சிறு வருத்தமும் உண்டு. வவ்வாலை ‘வௌவால்’ என்று எழுதுவோரும் இருக்கிறார்கள். இரண்டில் எது கட்டத்தில் இருக்கும் என்பது தயாரித்தவரின் கைப்பழக்கத்தைப் பொறுத்தது. பொருள் தெரிந்தும் சொல் கிடைக்காதபோது, எழுத்துமுறையை மாற்றி ஒருமுறை தேடிப் பார்க்க வேண்டும். ரயில், லாரி போன்ற வந்தேறிச் சொற்கள் உள்ள கட்டங்களில் ரகரமும் லகரமும் முதலில் வாரா என்னும் பழைய விதியை நம்பவும் கூடாது. புள்ளி விதி மட்டும் அங்கேயும் பெரும்பாலும் நிலைத்து நிற்கிறது.

ஆயினும் ஒரு விஷயத்தில் இவர்களுக்கு நான் கடமைப்பட்டவன். ‘கொ’ என்பதைக் கொம்பு வேறு, ககரம் வேறு, கால் வேறு என்று உடைத்து மூன்று கட்டங்களில் அடைக்கும் அநாகரிகம் வேறு சில செயலிகளில் உண்டு. கணினி எழுத்தையும் குறியையும் தனித்தனிச் சங்கேதங்களாக வைத்திருப்பதன் விளைவு அது. புள்ளி தனிக் கட்டத்துக்குப் போய்விட்டால், மேலே சொன்ன முறை அவ்வளவும் பயனற்றதாகிவிடும். இச்செயலியில் ஓர் எழுத்துக்கு ஒரு கட்டம் என்பது ஓரிடத்திலும் பிசகவில்லை.

ஆகையால் என் அபிப்பிராயம்: இலவசப் பதிப்பைத் தாராளமாகப் பதித்துக்கொள்ளலாம், விளம்பரத்தை நீக்குவதற்காகப் பணம் செலுத்துவதை, பொன்னெழுத்தை நிறுத்தும் வசதி வரும்வரை ஒத்திப்போடலாம். அதுவரை இரண்டு சொற்களோடு விரலை நிறுத்தி, மூன்றாவதைக் கண்டாலும் கோடிழுக்காமல் மனத்திலேயே வைத்துக்கொண்டு, பொருளை ஊகித்து, நான்காவதையும் முன்கூட்டிச் சொல்லிச் சரிபார்த்த பிறகே திரையைத் தொடுவது என்று ஒரு நியமம் வைத்துக்கொண்டால், செயலியின் அவசரத்துக்கு நாம் ஆளாக வேண்டியதில்லை.