கயிறு போச்சு, சட்டை எங்கே?

கண்ணீர் அஞ்சலி பேனர், நினைவஞ்சலி போஸ்டர் எதைப் பார்த்தாலும் முகத்துக்கு அடுத்தபடியா என் கண் போறது கழுத்துக்குக் கீழேதான். தம்மம்பட்டி பக்கம் பேனருக்கு வருகிற படங்களில் நிறைய, செல்போனில் வேலை இடத்தில் எடுத்தவை. கல்லூரி, மில், ஆஸ்பத்திரி, நிதி நிறுவனம், எங்கே எடுத்திருந்தாலும் கழுத்தில் ஒரு ஐடி கார்டு கயிறு தொங்கும். வீட்டுக்காரங்க கேட்கிறது ஒண்ணுதான்: "அந்தக் கயிறை எடுத்துடுங்க."

எடுத்துடறாங்க. எடுத்த இடத்தில் என்ன வைக்கிறாங்க என்பதுதான் என் புகார்.

நம்ம ஊர் ஸ்டுடியோக்களின் வழக்கமான தீர்வு கோட்டு மாட்டுவது. தலையை மட்டும் வெட்டி, ரெடியா வைத்திருக்கும் கோட்-சூட் உடம்பில் ஒட்டினால் பத்து நிமிஷத்தில் வேலை முடியும். வாழ்நாள் பூரா கோட்டே போடாத மனுஷன் செத்த பிறகு கம்பெனி டைரக்டர் மாதிரி நிற்பார். சிலர் அதை ஆசையா கேட்டு வாங்குவதும் உண்டு, அதைத் தப்புன்னு சொல்ல மாட்டேன். ஆனா கேட்காதவங்களுக்கும் அதுவே நடக்குது, காரணம் சட்டையைத் திரும்பக் கட்டுவது கஷ்டம். கோட்டில் வெளிச்சம் வலப்பக்கத்திலிருந்து வரும், முகத்தில் இடப்பக்கத்திலிருந்து வரும். தோள் ஒரு சைஸ் பெரிசா இருக்கும். எங்கே தப்புன்னு சொல்லத் தெரியாதவங்களுக்கும் "அவர் மாதிரி இல்லையே" என்று தோன்றும்.

இனி சட்டையை அப்படியே வைத்துக்கொண்டு கயிறை மட்டும் எடுக்கிற வேலை. சமீபத்தில் நான் உட்கார்ந்து செய்த ஒரு படத்தையே எடுத்துக்கறேன். எங்க தெருக்காரர், கல்லூரி பஸ் ஓட்டினவர். வீட்டில் இருந்த ஒரே தெளிவான படம் பஸ்ஸுக்குப் பக்கத்தில் நின்று எடுத்தது. கட்டம் போட்ட சட்டை, நீலக் கயிறு, நெஞ்சுக்கு நடுவில் நிமிர்ந்து தொங்கும் கார்டு. அவர் மகள், "கோட்டெல்லாம் வேணாம்ணே, அப்பா சட்டையே இருக்கட்டும்" என்றது. நல்ல வேண்டுகோள்.

முதல் கேள்வி, கார்டுக்குப் பின்னால் என்ன இருந்தது? கற்பனை பண்ண வேண்டியதில்லை, அளந்தே சொல்லலாம். சாதாரண ஐடி கார்டு ஏடிஎம் கார்டு அளவுதான்: அகலம் 54 மில்லிமீட்டர், உயரம் சுமார் 86. இந்தப் படத்தில் கார்டின் அகலம் 270 பிக்சல். அப்படின்னா ஒரு மில்லிமீட்டருக்கு 5 பிக்சல். மறைக்கிற பொருளே ஸ்கேல் ஆகிவிடுகிறது. ஆண்கள் சட்டையில் பட்டனுக்குப் பட்டன் எட்டு, ஒன்பது சென்டிமீட்டர் இருக்கும். இவர் சட்டையில் கார்டுக்கு மேலே இரண்டு பட்டன் தெரிந்தது, இடைவெளி 430 பிக்சல், அதாவது 86 மில்லிமீட்டர். பிளாஸ்டிக் உறையோடு சேர்த்து கார்டு மறைத்த உயரம் சுமார் 480 பிக்சல். ஆக உள்ளே ஒளிந்திருப்பது சரியா ஒரே ஒரு பட்டன், மேல் பட்டனிலிருந்து 430 பிக்சல் கீழே. கார்டுக்குக் கீழே தெரிந்த அடுத்த பட்டன் அதே கணக்கில் உட்கார்ந்ததால் சந்தேகம் தீர்ந்தது. ஒரு எச்சரிக்கை: காலர் பட்டனுக்கும் அதற்கடுத்த பட்டனுக்கும் நடுவே உள்ள இடைவெளியை அளவுகோலா எடுக்கக் கூடாது. தையல்காரர்கள் அதை மற்றதைவிடக் குறைவாகத்தான் வைப்பாங்க.

அவசரத்தில் எடுத்த படங்களில் நான் அடிக்கடி பார்ப்பது இதுதான்: கார்டு இருந்த இடத்தில் பட்டனே இருக்காது. இரண்டு பட்டனுக்கு நடுவே ஒரு முழம் துணி. முகத்தைப் பார்த்து அழுகிறவர் அதை எண்ண மாட்டார், ஆனா சட்டை மாவு பூசின சுவர் மாதிரி அவருக்கும் தெரியும்.

இன்னொரு குறுக்குவழி, ஒரு பக்க நெஞ்சை நகலெடுத்து Flip Horizontal போட்டு மறுபக்கத்தில் ஒட்டுவது. சட்டை சமச்சீரான பொருள் இல்லை. ஆண்கள் சட்டையில் இடப்பக்கத் துணி வலப்பக்கத்தின் மேல் வந்து மூடும். பாக்கெட் இட நெஞ்சில் இருக்கும். திருப்பி ஒட்டினால் மூடும் பட்டி பெண்கள் சட்டை மாதிரி மாறும், இல்லைன்னா இரண்டு பாக்கெட் முளைக்கும். வெளிச்சமும் திரும்பிவிடும், நெஞ்சின் இரு பக்கமும் ஒரே மாதிரி ஒளிரும், நடுவில் ஒரு நிழல் ஓடை. Content-Aware Fill கொடுத்தாலும் கட்டச் சட்டையில் இதே கதி. பக்கத்தில் இருப்பதை எடுத்து ஒப்பேற்றும். கட்டத்தை எண்ணத் தெரியாது.

கட்டத்தை நாமதான் எண்ணணும். இந்தச் சட்டையில் ஒரு கட்டம் 10 மில்லிமீட்டர், அதாவது 50 பிக்சல். கயிறு 20 மில்லிமீட்டர் அகலம், 100 பிக்சல். ஆக கயிறுக்கு அடியில் இரண்டு கட்டம் போயிருக்கு. புது லேயர் ஒன்று போட்டு, Clone Stamp எடுத்து, Sample என்ற இடத்தில் Current & Below வைத்துக்கொண்டால் அசல் படத்தில் கை படாது. பக்கத்துத் துணியிலிருந்து எடுக்கும்போது 50-இன் மடங்கில் நகர்த்தி எடுத்தால் கோடு கோட்டோடு சேரும். தோளுக்குப் பக்கத்தில் துணி சாய்வா ஓடும், அங்கே எடுத்த துண்டைக் கொஞ்சம் சுழற்ற வேண்டியிருக்கும். மூடும் பட்டியைத் தாண்டி மட்டும் இந்தக் கணக்கை நம்பாதீங்க. பட்டியின் இரண்டு பக்கமும் கட்டம் பொருந்துவது விலை உயர்ந்த தையலில்தான். இவர் சட்டையில் அரைக் கட்டம் விலகியிருந்தது. மேலேயும் கீழேயும் விலகியதை நடுவிலும் விலக்கித்தான் வைத்தேன். சரிபண்ணி வைத்திருந்தால் அது வேற சட்டை.

Healing Brush-ஐ கயிற்றின் ஓரத்தில் வைப்பது நிறைய பேர் செய்கிற வேலை. அந்தக் கருவி சுற்றியுள்ள நிறத்தை உறிஞ்சிக் கலக்கும். ஓரத்தில் நீலக் கயிறு மிச்சம் இருந்தால் சட்டையில் நீலக் கறை படரும். முதலில் ஸ்டாம்ப்பால் கயிறை முழுசா மூடி, அப்புறம்தான் அதைத் தொடணும்.

இதெல்லாம் சரியா செய்தும் கயிறு 'இருப்பது' மாதிரியே தெரியும் படங்கள் உண்டு. காரணம் நிழல். கயிறு துணியை ஒட்டிப் படுப்பதில்லை, ஒரு ஓரம் தூக்கி நிற்கும், அதன் பக்கத்தில் மெல்லிசா ஒரு மங்கல் நிழல் விழும். கயிறை மட்டும் தேர்ந்தெடுத்து அழித்தால் V வடிவ நிழல் தங்கிவிடும். 2012 ஏப்ரலில் ரஷ்ய ஆர்த்தடாக்ஸ் திருச்சபை இதே விஷயத்தில் உலகம் பூரா சிரிப்பாச் சிரித்தது. தலைமைக் குரு கிரில், நீதி அமைச்சரோடு உட்கார்ந்திருக்கும் படத்தில் அவர் கையிலிருந்த விலை உயர்ந்த வாட்சை அழித்து, கருப்பு அங்கியின் கையை இழுத்து மூடியிருந்தாங்க. துணி வேலை மோசமில்லை. ஆனா பளபளக்கும் மேஜையில் வாட்சின் பிரதிபலிப்பு அப்படியே இருந்தது. வலைப்பதிவர்கள் கண்டுபிடித்ததும் அசல் படத்தைத் திரும்பப் போட்டு மன்னிப்பு கேட்க வேண்டியதாச்சு. பொருளை அழித்தவர், பொருள் வேறெங்கே எல்லாம் தடம் விட்டிருக்குன்னு பார்க்கலை.

சட்டையில் அந்தத் தடங்கள் எவை? நிழல் ஒன்று. நிறம் இன்னொன்று: சிவப்புக் கயிறு வெள்ளைச் சட்டையிலும் தாடைக்கு அடியிலும் லேசா சிவப்பு அடிக்கும், Color மோடில் ஒரு லேயர் வைத்துச் சட்டை நிறத்தை மெல்லத் தடவினால் போகும். மூணாவது, இழுப்பு. இதில் கிளிப் மைக்தான் கில்லாடி. பட்டிமன்றப் பேச்சாளர் படத்தில் மைக்கை எடுத்துவிட்டுப் பாருங்க: கிளிப் பட்டியைக் கீழே இழுத்ததால் உண்டான மடிப்புகள் நாலு பக்கமிருந்தும் ஒரே புள்ளிக்கு ஓடிவரும், புள்ளியில் ஒண்ணும் இருக்காது. எங்க ஊர் மரச்சிற்பங்களில் துணி மடிப்பைக் கவனித்தவங்களுக்கு இது புரியும், ஒவ்வொரு மடிப்பும் இடுப்பிலோ தோளிலோ ஒரு முடிச்சிலோ போய் முடியும். மைக்கை எடுத்தால் மடிப்பையும் தளர்த்தணும், இல்லைன்னா மைக்கை விட்டுடறது மேல்.

எவ்வளவு தூரம் மெனக்கெடலாம் என்பது படம் எங்கே போகுது என்பதைப் பொறுத்தது. பத்தடி ஃபிளக்ஸில் நூல் இழை யாருக்கும் தெரியாது, ரோட்டிலிருந்து பார்த்தால் பட்டியின் நேர்கோடும் நெஞ்சின் வெளிச்சமும்தான் தெரியும். வீட்டுச் சுவரில் மாட்டும் சின்ன ஃபிரேமில் தலைகீழ்: இழையும் புள்ளியும் மற்ற இடத்தோடு ஒத்துப்போகாட்டி ஒட்டுப் போட்டது தெரியும். இரண்டுக்கும் சோதனை ஒன்றே. முழுப் படத்தையும் ஒரு நிமிஷம் திருப்பிப் போட்டுப் பார்க்கணும், அப்புறம் Curves-இல் கான்ட்ராஸ்ட்டைக் கன்னாபின்னான்னு ஏற்றிப் பார்க்கணும். அழித்த இடம் தனித் திட்டா எழுந்து நிற்கும்.

எடுக்கவே கூடாத இடமும் உண்டு. செய்திப் படம். 2014 ஜனவரியில் ஏபி செய்தி நிறுவனம், சிரியப் போரைப் படமெடுத்த நார்சிசோ கான்ட்ரெராஸ் என்ற புகைப்படக்காரரோடு உறவை முறித்துக்கொண்டது. போராளி ஒருவரின் படத்தில் மூலையில் கிடந்த சக செய்தியாளரின் வீடியோ கேமராவை அவர் ஸ்டாம்ப் பண்ணி அழித்திருந்தார். அவர் எடுத்த ஏறக்குறைய 500 படங்களை அலசியும் வேறு எதிலும் திருத்தம் கிடைக்கலை. அந்த ஒன்றே போதுமானதா இருந்தது. மாவட்ட ஆட்சியர் கூட்டத்துப் படத்தில் அலுவலரின் கார்டை அழித்துச் செய்திக்கு அனுப்புவதும் இதே வகைதான். நினைவுப் படம் அப்படியில்லை, அது யாருக்கும் சாட்சி சொல்லப் போவதில்லை. ஆனா அசல் கோப்பை அழிக்காமல் வீட்டுக்காரங்க கையில் தனியா கொடுக்கணும். பின்னாடி பேரப்பிள்ளை ஒருத்தன் தாத்தா எங்கே வேலை பார்த்தார்னு கேட்டால் அந்தக் கார்டுதான் பதில்.

டிரைவர் படத்தில் கடைசியா ஒரு சிக்கல் மிச்சம் இருந்தது. கார்டின் ஓரம் பாக்கெட்டைக் கொஞ்சம் மறைத்திருந்தது, பாக்கெட்டில் ஒரு பேனா மூடி பாதி தெரிந்தது. முழுப் பேனாவையும் எடுத்துட்டால் எனக்குச் சுலபம், பாக்கெட் விளிம்பு ஒரே கோடாப் போயிடும். மகளிடம் கேட்டேன். "டிரிப் ஷீட் எழுதற பேனாண்ணே, இருக்கட்டும்" என்றது. மூடியின் மறுபாதியை வரைந்து, கிளிப்பில் வெளிச்சம் இடப்பக்கமே விழும்படி வைத்து, ரெண்டு கோப்பாச் சேமித்துக் கொடுத்தேன்.