41ஆம் வினாடியில் வரும் பை

ஜொகூர் பாருவில் புதிதாகத் துணிப்பை வணிகம் தொடங்கும் ஒரு பெண்மணி தம்மை அறிமுகப்படுத்திக்கொள்ளும் காணொளிக்கான பிரதி இது. நீளம் அறுபது வினாடி. மொழி சுத்தம், நோக்கம் நேர்மை. ஆனால் பை திரைக்கு வருவது 41ஆம் வினாடியில்தான். அதுவரை கடற்கரைக் குப்பையும் நிறுவனரின் கவலையும். கவலை உண்மையானதே, எனினும் அதைக் குப்பையைப் பார்த்த எவரும் சொல்லலாம். இவர் மட்டுமே சொல்லக்கூடியது ஒன்று உண்டு. அதற்குப் பிரதி ஒதுக்கியிருப்பது ஆறே வினாடி.

அந்த ஆறு வினாடிதான் பிரதியின் சாதனை. கைப்பிடி பையோடு சேரும் இடத்தைக் கேமரா நெருங்குகிறது. சதுரமாக ஓடிய தையல், அதன் நடுவே குறுக்காக இரண்டு கோடு. நிறுவனரின் கட்டைவிரல் அதை இழுத்துப் பார்க்கிறது. பை முதலில் கிழிவது அந்த இடத்தில்தான் என்பதைத் தைத்தவர் அறிவார். பிரதியோ ஒரு சொல்லும் சொல்லாமல் அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகிறது.

பெரிய பிழை இதை ஒட்டியே நிகழ்கிறது. "ஒரு பை ஆயிரம் பிளாஸ்டிக் பைகளுக்கு ஈடு" என்கிறது பிரதி, ஆதாரம் தரவில்லை. பிரிட்டன் சுற்றுச்சூழல் முகமை 2011இல் வெளியிட்ட ஆய்வு இதைக் கணக்கிட்டிருக்கிறது. புவி வெப்பமாதலை மட்டும் அளவாகக் கொண்டால், பருத்திப் பையை 131 முறையாவது பயன்படுத்தினால்தான் ஒருமுறை பயன்படும் மெல்லிய பிளாஸ்டிக் பையை அது வெல்லும். அந்த மெல்லிய பை பிறகு குப்பைப் பையாகவும் உதவினால் 327 முறை. நம் வீடுகளில் அதுதானே வழக்கம்! வாரம் ஒருமுறை கடைக்குப் போகிறவருக்கு 131 என்பது இரண்டரை ஆண்டு. 327 என்பது ஆறு ஆண்டுக்கும் மேல். ஆக, அந்தக் குறுக்குத் தையல் தாங்கினால்தான் சுற்றுச்சூழல் வாதம் நிற்கும். பிரதி இரண்டையும் கையில் வைத்திருந்தும் கோத்துக் காட்டவில்லை.

விலைக்கும் அதே கதி. 12 வெள்ளி என்று அறிவித்துவிட்டு நகர்ந்துவிடுகிறது. பேரங்காடியில் ஒரு பிளாஸ்டிக் பைக்கு 20 சென் கொடுப்பவருக்கு அது 60 பையின் காசு. வாங்குபவர் மனத்தில் போடும் கணக்கை நிறுவனரே வாய்விட்டுச் சொன்னால் நம்பிக்கை கூடும்.

கட்டுமானத்திலும் குறை உண்டு. தமிழில் தெளிவாகப் பேசினால் நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொல் அடங்கும்; இங்கே 160. படித்தால் ஓடும், பேசினால் மூச்சு முட்டும். ஜாலான் உங்கு புவானின் பூக்கடைகளுக்கு நடுவே படமெடுக்க எண்ணியது நல்ல தேர்வு. ஆனால் அந்தத் தெருவில் வாங்குவோர் எல்லோரும் தமிழர் அல்லர். மலாய் வசன வரி இல்லாதது கவனக்குறைவு.

இப்படியே படமாக்கக் கூடாது, கைவிடவும் வேண்டாம். தையல் காட்சியை முதல் வினாடிக்குக் கொண்டுவந்து, ஐந்து கிலோ அரிசியைப் பையில் போட்டுத் தூக்கிக் காட்டட்டும். அடுத்து 60இன் கணக்கு. ஆயிரம் என்பதை நீக்கி, எத்தனை ஆண்டு உழைக்கும்படி தைத்திருக்கிறார் என்பதையும், கைப்பிடி பிரிந்தால் திரும்பத் தைத்துத் தருவாரா என்பதையும் அவர் வாயாலேயே சொல்லட்டும். பெயருக்கும் தொடர்பு எண்ணுக்கும் கடைசி எட்டு வினாடி போதும்.